நேர்காணலின் கடைசிப் பத்து நிமிடங்கள்

நிதியுதவி பெறும் ஆய்வுத் திட்டமொன்றுக்கு இளநிலை ஆய்வாளரைத் தேர்ந்தெடுக்கும் நேர்காணலில், பாடக் கேள்விகள் முடிந்ததும் இருக்கைகள் இடம் மாறிவிடுகின்றன. அதுவரை விண்ணப்பதாரர் தம் தகுதியை நமக்கு நிறுவினார். இனி நம் பணியின் தகுதியை நாம் அவருக்கு நிறுவ வேண்டும். நன்கு விடையளித்தவருக்கு வேறு வாய்ப்புகளும் இருக்கும் என்பது நமக்குத் தெரியும். ஆகவே, "முதலில் சேருங்கள், முனைவர் பட்டப் பதிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற வாக்கியம் எளிதாக வாயில் வந்துவிடுகிறது.

அந்த வாக்கியத்தின் விலையை எங்கள் குழு அறியும். கங்கைச் சமவெளியின் கைப்பம்பு நீரில் ஆர்சனிக் அளவு பருவத்துக்குப் பருவம் எப்படி மாறுகிறது என்பதே எங்கள் திட்டம். மழைக்கு முன் நீர் எடுத்த அதே கிணறுகளில் மழைக்குப் பின்னும் எடுத்தால்தான் ஒப்பீடு நிற்கும். நான் குழுவில் சேர்வதற்கு முன் பணியிலிருந்த ஒருவர், பதிவு கிடைக்கும் என்ற சொல்லை நம்பிச் சேர்ந்து, அது தானாகக் கிடைப்பதல்ல என்று தெரிந்ததும் ஐந்தாம் மாதத்தில் விலகினார். மழைக்குப் பிந்தைய மாதிரிகளை எடுக்க ஆளில்லாமல் அந்த ஆண்டின் ஒப்பீடே அறுந்துபோயிற்று. அவர் மீது குற்றமில்லை. அவருக்குச் சொல்லப்பட்ட பணி வேறு, தரப்பட்ட பணி வேறு.

இவ்வாண்டு மார்ச்சில் அதே இடத்துக்கு நேர்காணல் நடந்தது. பணியைப் பற்றி விளக்கும் பொறுப்பை என் நெறியாளர் எனக்குத் தந்திருந்தார். ஐவரில் ஒரு பெண் தெளிவாக முன்னணியில் இருந்தார். குழுவின் முடிவு கையொப்பமாகும் முன் "உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டோம்" என்று குறிப்பாகக்கூடச் சொல்ல எனக்கு உரிமையில்லை. எனவே விளக்கத்துக்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டேன்: "இரண்டாண்டு கழித்து இங்கிருந்து எதை எடுத்துச் செல்ல விரும்புகிறீர்கள்?" கருவியில் கைப்பழக்கமும், முனைவர் பட்டத்துக்கு ஒரு வழியும் என்றார்.

முதலில் குறைகளைச் சொன்னேன். முப்பத்தாறு மாதத் திட்டத்தில் பதினான்கு மாதம் கழிந்துவிட்டது. இருபத்திரண்டு மாதமே மிச்சம். நியமனம் ஓராண்டுக்கு, பின்னர் பணியைப் பார்த்து நீட்டிப்பு. உதவித்தொகை மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும். ஆனால் செலவுக் கணக்கும் பயன்பாட்டுச் சான்றிதழும் போய் அடுத்த தவணை வரும்வரை ஓரிரு மாதம் தாமதமாகலாம், கையிருப்பு வேண்டும். முனைவர் பட்டச் சேர்க்கை தனி. அதற்கான தேர்வையும் நேர்காணலையும் மற்றவர்களைப் போலவே அவரும் கடக்க வேண்டும். இக்குறைகளை ஐவரிடமும் ஒரே சொற்களில் சொன்னேன். வலுவானவருக்கு மட்டும் மென்மையாக்கினால் அது விளக்கமாகாது, தூண்டிலாகிவிடும்.

பிறகு, அவர் கேட்ட இரண்டுக்கும் எங்களிடம் உண்மையில் இருப்பதைச் சொன்னேன். "நல்ல சூழல், நிறையக் கற்கலாம்" என்பதை எந்த ஆய்வகமும் சொல்லும். மாதக் கணக்குதான் நம்பத்தக்கது. ஏப்ரல், மே மாதங்களில் களப்பயணம்: நீரை வடிகட்டி, நைட்ரிக் அமிலமிட்டு, கிணற்றுக்கொரு குறியெண்ணுடன் பதிவது. ஜூலைக்குள் ஐசிபி-எம்எஸ் கருவியில் அளவீட்டை அவரே திட்டமிடுவது. பொதுக்கருவி மையத்தில் வரிசை நீளம் என்பதையும் மறைக்கவில்லை. நவம்பரில் அதே கிணறுகளுக்கு மீண்டும் பயணம். அதன்பின் ஒரு முழு ஆண்டின் தரவு அவர் கையால் உருவானதாக இருக்கும். அதை எழுதுவதில் அவருக்கு என்ன இடம் என்பதை நெறியாளரே அங்கேயே கூறினார். பட்டத்துக்கு நாங்கள் தரக்கூடிய வழி அவ்வளவே: எந்த நிறுவனத்தின் சேர்க்கை நேர்காணலிலும் அவர் தன் வேலையென்று பேசக்கூடிய ஒரு தரவு.

இறுதியாக, ஐவருக்கும் கொடுத்ததைப் போலவே, திட்டத்தில் பணிபுரியும் இன்னொருவரின் எண்ணை அவருக்கும் கொடுத்து, நாங்கள் இல்லாதபோது பேசச் சொன்னேன்.

நம் பேச்சு உண்மையாகச் சென்று சேர்ந்ததா என்பதை எதிரிலிருப்பவரின் கேள்விகள் காட்டிவிடும். மயங்கியவர் "எப்போது சேரலாம்?" என்பார். புரிந்துகொண்டவர் நிபந்தனை வைப்பார். நியமன மடல் கிடைத்த மூன்றாம் நாள் அவர் எழுதினார்: வேறு நிறுவனங்களின் சேர்க்கை நேர்காணல்களுக்குச் செல்ல விடுப்பு உண்டா? இடம் கிடைத்துவிட்டால், நவம்பர் மாதிரிகளை முடித்துவிட்டு விலக அனுமதிப்பீர்களா?

வெளியேறும் வழியைக் கேட்டவர், திட்டத்தின் உயிர்நாடி எந்த மாதத்தில் இருக்கிறது என்பதையும் அறிந்தே கேட்டிருந்தார். இரண்டுக்கும் ஆம் என்று நெறியாளர் எழுத்தில் பதிலளித்தார். ஏப்ரல் முதல் வாரத்தில் அவர் பணியில் சேர்ந்தார்.