தட்டா, தளமா?

குளியலறை வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள், “ஷவர் ட்ரே நல்லதா, டைல்ஸ் நல்லதா?” என்று கேட்பார்கள். கீழே என்ன தரை என்று பார்க்காமல் நான் பதில் சொல்வதில்லை. டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத்துப் பழைய துரை பங்களாக்கள் பலவற்றை இப்போது விடுதிகளாக மாற்றுகிறார்கள். படுக்கையறை ஒவ்வொன்றுக்கும் ஒரு குளியலறை கேட்கிறார்கள். அந்த அறைகளில் சில பலகைத் தரை, சில கொங்கிரீட் தரை.

பலகை மழைக்காலத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும், ஆள் நடந்தால் கொஞ்சம் அசையும். அதன்மேல் நேரே டைல்ஸ் ஒட்டினால் சுவரும் தரையும் சேரும் மூலையில்தான் முதலில் வெடிக்கும். அங்கே ட்ரேதான் சரி. ஒரே துண்டாக வருவதால் அதன் நடுவில் மூட்டு இல்லை. கவலை விளிம்பில் மட்டும்தான்.

ட்ரே 80, 90, 100 சென்டிமீட்டர் என்று கடை வைத்த அளவில்தான் கிடைக்கும். பழைய கருங்கல் சுவரோ எந்த அளவுக்கும் கட்டுப்படாது. ஹட்டன் பக்கத்துப் பங்களா ஒன்றில் மூன்று பக்கமும் சுவர் இருந்த இடம். முன்பக்கம் 914 மில்லிமீட்டர், அதாவது சரியாக மூன்றடி, பின்பக்கம் 932. வாங்கி வைத்திருந்தது 900 ட்ரே. அப்படியே வைத்தால் பின்மூலையில் இடைவெளி விரலளவு திறக்கும். அதைச் சிலிக்கனால் அடைப்பதுதான் வழக்கம். அவ்வளவு அகலத்தில் அது நிலைக்காது. ஒரு பக்கச் சுவரைப் பின்னால் 18 மில்லிமீட்டர் வரும்படி சாய்த்துப் பூசி, முழு நீளமும் 914 ஆக்கினோம். ட்ரேயை நடுவில் வைத்ததும் இரு பக்கமும் ஏழு ஏழு மிஞ்சியது. டைலும் கம்மும் சேர்ந்து 12 வரும். ஆக டைல் ஏழைத் தாண்டி ட்ரேயின் விளிம்புக்கு மேல் ஐந்து மில்லிமீட்டர் ஏறி நின்றது. சுவரில் வழியும் தண்ணீர் இடுக்கில் இறங்காமல் ட்ரேக்குள்ளேயே விழும். முதலில் டைல் ஒட்டிவிட்டு அப்புறம் ட்ரேயைச் செருகினால் இந்த ஏற்றம் கிடைக்காது.

சிலிக்கன் போடும்போது ட்ரேக்குள் தண்ணீர் நிரப்பியிருக்க வேண்டும். பாரத்தில் விளிம்பு இறங்கி, இடுக்கு அதிகபட்சமாகத் திறந்திருக்கும் நிலையில் அடைத்தால், பிறகு ஆள் ஏறி நின்றாலும் பிய்யாது. சிலிக்கன் இறுகும்வரை அந்தத் தண்ணீரைத் திறந்துவிடக் கூடாது. அடைக்கும் இடமோ உலர்ந்திருக்க வேண்டும். பனி மூட்டம் இறங்கும் நாளில் ஈரச் சுவரில் போட்டது ஒட்டாது.

தண்ணீர் போகும் ஓட்டை ட்ரேயில் எங்கே இருக்கிறதோ அங்கேதான். பலகைத் தரையில் அதற்கு நேர் கீழே உத்திரம் வந்தால் உத்திரத்தை வெட்டக் கூடாது. ட்ரேயைத் திருப்பி வைக்கலாம், அல்லது ஓட்டை வேறு இடத்தில் உள்ளதை வாங்கலாம். அதனால் ட்ரே வாங்குவதற்கு முன்பே உத்திரம் போகும் வழியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

கொங்கிரீட் தரையென்றால் டைல் தளமே மேல். எந்த அளவிலும் கட்டலாம், வாளி வைத்து உட்கார்ந்து குளிக்கவும் இடம் இருக்கும். ஓட்டையை நம் இஷ்டத்துக்கு வைக்கலாம். நடுவில் வைத்தால் நான்கு பக்கமும் வாட்டம் வேண்டும். பெரிய டைலை மூலைக்கு மூலை வெட்ட நேரும், அல்லது சின்ன டைல் போட வேண்டும். பின்சுவர் ஓரமாக நீளக் கான் வைத்தால் ஒரே வாட்டம் போதும். அடிக்குக் கால் அங்குலம் என்றால், நாலடிக்கு ஓரங்குலம் இறங்கும்.

ஆனால் டைலும் கிரவுட்டும் தண்ணீரை நிறுத்துவதில்லை. நிறுத்துவது அடியில் பூசும் வாட்டர் ப்ரூபிங். அது சுவரில் ஆறு அங்குலமாவது ஏறி, வாசல் படியையும் சுற்றிக்கொள்ள வேண்டும். அந்தப் பூச்சுக்கும் வாட்டம் வேண்டும். மழை மாதங்களில் இங்கே ஒரு பூச்சு காய நேரமெடுக்கும். முதல் பூச்சு காயாமல் இரண்டாவதைப் போட்டால் இரண்டும் உரியும். மூலையில் டைலுக்கு டைல் கிரவுட் வைக்காமல் சிலிக்கன் வைக்க வேண்டும்.

ஒழுக்கு எங்கே என்று கண்டுபிடிக்கவும் வழி உண்டு. முதலில் ஓட்டைக்குள் மட்டும் நேரே தண்ணீர் ஊற்றுங்கள். கீழே ஈரம் வந்தால் பைப் மூட்டுதான் பழுது. வராவிட்டால் ஓட்டையை அடைத்து, தரையில் தண்ணீர் தேக்கிப் பாருங்கள். மட்டம் இறங்கினால் தளத்தில் பழுது. அதுவும் இல்லாமல், ஆள் நின்று குளிக்கும்போது மட்டும் ஒழுகினால் விளிம்பைச் சந்தேகியுங்கள்.

வீட்டுக்காரர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். தளம் கட்டினால், வாட்டர் ப்ரூபிங் காய்ந்ததும் ஓட்டையை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடுங்கள். சுவரில் பென்சிலால் மட்டம் கீறி வையுங்கள். மறுநாள் அந்தக் கீறலைப் பார்க்காமல் எந்த மேசனையும் டைல் ஒட்ட விடாதீர்கள்.