எண் தெரியாத பக்கம்

மதுரையில் ஒரு செவிலியர் கல்லூரியின் பயிற்சிக்கூடம். கட்டிலில் ரப்பர் வயிற்றோடு ஒரு பொம்மை. சுற்றி ஆறு மாணவிகள். ஆசிரியை ஆளுக்கொரு அட்டை கொடுத்தார். மூன்றில் 30 வாரம் என்றும், மூன்றில் 34 வாரம் என்றும் எழுதியிருந்தது. ஒருவர் அட்டையை மற்றவர் பார்க்கவில்லை.

ஒவ்வொருவராக அளந்தார்கள். இடது உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க விளிம்பை மேலிருந்து மெல்ல அழுத்தி இறக்கினால், ஓரிடத்தில் பிடிமானம் தட்டும். அதுதான் கர்ப்பப்பையின் உச்சி. அங்கே டேப்பைப் பிடித்து, வயிற்றின் வளைவோடு, கீழே பூப்பெலும்பின் மேல்விளிம்பு வரை கொண்டுவர வேண்டும். 24 வாரத்துக்குப் பிறகு அந்த நீளம் செ.மீ.யில் ஏறத்தாழ வாரக் கணக்கோடு ஒத்துப்போகும். இரண்டு கூடலாம், குறையலாம்.

30 வார அட்டைக்காரர்கள் 30, 30, 31 என்று எழுதினார்கள். 34 வாரக்காரர்கள் 33, 34, 33. வயிறு ஒன்றுதான்.

"இப்போ டேப்பைத் திருப்பிப் பிடிங்கம்மா, எண்ணில்லாத பக்கம் மேலே இருக்கட்டும்" என்றார் ஆசிரியை. விரலால் குறித்துக்கொண்டு, பிறகு புரட்டிப் பார்த்தபோது ஆறு பேருக்கும் 31. யாரும் பொய் எழுதியிருக்கவில்லை. எதிர்பார்த்த எண் கண்ணில் பட்டதும் விரல் அதை நோக்கி நகர்ந்துவிடுகிறது.

34 வாரத்துக்கு 31 என்றால் மூன்று குறைவு. குழந்தை சரியாக வளராமல் இருக்கலாம், பனிக்குட நீர் குறைந்திருக்கலாம், அல்லது கடைசி மாதவிலக்குத் தேதியே தவறாக இருக்கலாம். எதுவென்று டேப் சொல்லாது. ஸ்கேனுக்கு அனுப்பு என்று மட்டும் சொல்லும். 34 என்று எழுதிவிட்டால் அந்தத் தாய் வீட்டுக்குப் போய்விடுவாள்.

பிறகு கைகளால் தடவிப் பார்க்கும் பாடம். உச்சியில் மென்மையாக, அகலமாகத் தட்டுப்பட்டால் பிட்டம். உருண்டு கெட்டியாக இருந்து, தள்ளினால் தனியாக அசைந்தால் தலை. ஒரு பக்கம் நீண்ட வழவழப்பு முதுகு. எதிர்ப்பக்கம் சின்னச் சின்ன மேடுகள் கைகால்கள். இதற்குத் தாயின் முழங்கால் மடிந்திருக்க வேண்டும், வயிற்றுத் தசை தளரும். உயரம் அளக்கும்போது கால் நீட்டியிருக்க வேண்டும். இதை மாற்றிச் செய்வதுதான் நான் அன்று அதிகம் பார்த்த பிழை.

பொம்மை கற்றுத்தராதவையும் உண்டு. குளிர்ந்த கை பட்டால் அதன் வயிறு இறுகாது. அதற்குச் சிறுநீர்ப்பையும் கிடையாது. நிஜத் தாய்க்கு அது நிறைந்திருந்தால் கர்ப்பப்பையை மேலே தூக்கி, அளவு கூடிவிடும். வளராத குழந்தையும் வளர்ந்ததாகத் தெரியும்.

பரிசோதனைக்குப் போகும் தாய்மார்களே, மேசையில் ஏறுமுன் சிறுநீர் கழித்துவிடுங்கள். யாரும் சொல்லாவிட்டாலும்.