மூன்று பவுன்

மதுரை, தெற்காவணி மூல வீதி. காலை பதினொன்றரை. நகைக்கடைக்குள் ஏசி குளிர். சுவரில் மின்பலகை: 22 கேரட், கிராம் 9,000. அதன் கீழே ஓர் அட்டை: பழைய நகைக்குக் கழிவு 2% மட்டுமே. 'மட்டுமே' சிவப்பு மையில், சற்றுப் பெரிதாக.

மஞ்சள் பைக்குள் சுருக்குப்பை. சுருக்குப்பைக்குள் பிங்க் தாள். தாளுக்குள் கெம்புக்கல் நெக்லஸ். முத்திரை எதுவும் இல்லை. கொக்கிப் பக்கம் ஏதோ ஓர் ஆசாரியின் ஓரெழுத்து மட்டும் தேய்ந்து கிடக்கிறது.

"எங்கம்மா போட்டது. மூணு பவுன்."

தராசு 24.000 காட்டுகிறது. அம்மாவின் முகம் தெளிகிறது. மகள் செல்போனில் பெருக்குகிறாள், இரண்டு சதவீதம் கழிக்கிறாள். 2,11,680. திரையை அம்மா பக்கம் திருப்புகிறாள்.

"காபியா, ஜூஸா?" என்று கேட்கிறான் ஒரு பையன்.

விற்பனையாளர் நெக்லஸைக் கவிழ்க்கிறார். நகத்தால் தட்டுகிறார். "உள்ளே அரக்கு இருக்கும்மா. கல்லைப் பிரிச்சாத்தான் தங்கம் தெரியும்."

சிறு தீநாக்கு. அரக்கு இளகுகிறது. சாமணம் கற்களை ஒவ்வொன்றாய்க் கவ்வுகிறது. சின்னப் பிளாஸ்டிக் உறையில் சிவப்புக் கற்கள் விழுகின்றன. உறை அம்மாவின் கைக்கு வருகிறது. அதற்கு விலை இல்லை. தராசு: 21.600.

கேரட் மீட்டர் ஒரு வெள்ளைப் பெட்டி. முன்பக்கத் தகட்டுக்கு 89.4 என்கிறது. பின்பக்கம், பொடி வைத்துப் பற்றவைத்த இடத்துக்கு 82.7 என்கிறது. மகள் இரண்டாவது எண்ணையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"மெஷின் மேலோட்டமாத்தான் பார்க்கும்மா. உருக்கினா ஒரே நம்பர் வந்துரும்."

ஒரு தாள் நீள்கிறது. உருக்கச் சம்மதம். உருக்கிய பிறகு நகையாகத் திருப்பித் தர இயலாது. அம்மா பேனாவை வாங்கி மகளிடம் கொடுக்கிறார். மகள் திரும்ப அம்மாவிடமே கொடுக்கிறாள். கையெழுத்து.

பக்கத்துக் கவுண்ட்டரில் ஓர் இளைஞன். இதே கடையில் வாங்கிய வளையல், பில்லோடு. லென்ஸ் வைத்து ஹால்மார்க்கின் ஆறெழுத்துக் குறியீட்டைப் படிக்கிறார்கள். எடை போடுகிறார்கள். நெருப்பு மூட்டவில்லை. அவன் ஜூஸைக் குடித்து முடிப்பதற்குள் ரசீது வருகிறது.

கண்ணாடிச் சன்னலுக்கு அப்பால் மூசை. ஒரு சிட்டிகை வெங்காரம். நெக்லஸ் சுருண்டு, குழைந்து, ஒரு சொட்டாகிறது. அம்மா கண்ணாடிக்கு அருகே போகிறார். மூச்சுக் காற்றில் கண்ணாடி மங்குகிறது. துடைத்துவிட்டுப் பார்க்கிறார்.

கட்டி, புளியங்கொட்டை அளவு. 21.450. மீட்டர் இப்போது 86 என்கிறது.

விற்பனையாளரின் விரல்கள் கால்குலேட்டரில் ஓடுகின்றன. 86-ஆல் பெருக்கி 91.6-ஆல் வகுக்கிறார். "பலகையில இருக்கிற விலை 916 தங்கத்துக்கும்மா. உங்களோடதையும் அந்தக் கணக்குக்குக் கொண்டு வரணும்ல?" 20.139 கிராம்.

அட்டையில் உள்ள இரண்டு சதவீதம் இப்போதுதான் வருகிறது. 0.403 கிராம். மொத்த வெட்டில் அது சின்னவற்றில் ஒன்று. மிச்சம் 19.736. வரவு 1,77,624 ரூபாய்.

மகள் மறுபடி செல்போனை எடுக்கிறாள். குறைந்தது 4.264 கிராம். 24-ல் அது எத்தனை சதவீதம்? 17.77. அட்டையை ஒருமுறை நிமிர்ந்து பார்க்கிறாள். செல்போனைக் கவிழ்த்து வைக்கிறாள்.

காபி ஆறியிருக்கிறது.

புதுச் சங்கிலி நீலத் தட்டில் வருகிறது. அதுவும் 24.000. அம்மா கழுத்தில் வைத்துக் கண்ணாடியில் பார்க்கிறார். சேதாரம் 12%, அதாவது 2.880 கிராம். அது தராசில் ஏறுவதில்லை, பில்லில் ஏறுகிறது. 2,41,920. மேலே ஜிஎஸ்டி 3%.

"பழசைக் கழிச்சுட்டு மிச்சத்துக்குத்தானே வரி போடணும்?"

"இல்லம்மா. புது நகை முழுசுக்கும் உண்டு."

7,257 ரூபாய் 60 காசு. அச்சு இயந்திரம் கிறீச்சிட்டு நீளமாக ஒரு தாளைத் துப்புகிறது. அம்மா கடைசி வரிக்கு மேலே கட்டைவிரலை வைத்துக்கொண்டு படிக்கிறார். கட்ட வேண்டியது 71,554.

"மூணு பவுன் குடுத்து மூணு பவுன்தானே வாங்குறோம்?"

விற்பனையாளர் புன்னகைக்கிறார். மேலாளர் மேசைக்கு எழுந்து போகிறார். இருவரும் குனிந்து ஏதோ பேசுகிறார்கள். திரும்பி வந்து பில்லில் பேனாவால் ஒரு கோடு போடுகிறார்.

"உங்களுக்காகக் கேட்டு வாங்கிட்டேம்மா. அந்த ஐம்பத்து நாலு ரூபாய் வேண்டாம்."