இரண்டு ஹாக்களும் ஓர் இளம் உஸ்தாதும்



நமது மக்தபில் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே சிறுவர்களுக்கு ஓதிக்கொடுக்கும் இளம் உஸ்தாதுகள் இருவர். அவர்களை வழிநடத்தும் பொறுப்பு நம்மிடம் இருக்கிறது. அவர்களுள் ஒருவர் திருத்தம் சொன்னாலே முகம் சுருங்கிவிடுவார். சென்ற ஆண்டு ஒரு நாள் அவருடைய வகுப்பில் நாம் அமர்ந்திருந்தபோது ஒரு சிறுவன் சூரா ஃபாத்திஹாவை ஓதினான். 'அல்ஹம்து' என்பதில் வரும் ஹா நடுத்தொண்டையில் பிறப்பது. 'இஹ்தினா' என்பதில் வரும் ஹா தொண்டையின் அடியிலிருந்து எழுவது. தமிழில் இரண்டையும் ஒரே எழுத்தால் எழுதுவதால் நம் பிள்ளைகள் இவற்றை ஒன்றாக்கிவிடுவது வழக்கம். அந்தச் சிறுவனும் அப்படித்தான் ஓதினான். உஸ்தாத் அதைக் கவனிக்காமல் அடுத்த பிள்ளையை அழைத்தார். "மக்ரஜைப் பாருங்கள் தம்பி" என்று அங்கேயே சொல்லிவிட்டோம்.

பிள்ளைகள் சென்ற பிறகு அவர் வந்து நின்றார். "ஹஜ்ரத், நான் எதைச் செய்தாலும் உங்களுக்குக் குறையாகத்தான் தெரிகிறது. அந்த உஸ்தாதின் வகுப்பில் என்றைக்காவது இப்படிச் சொல்லியிருக்கிறீர்களா? அவர் உங்களுக்கு வேண்டியவர்" என்றார்.

நமக்குக் கோபம் வந்தது உண்மை. பாரபட்சம் காட்டுகிறவர் என்ற பெயரை எந்த ஆசிரியர்தான் தாங்குவார்? ஆயினும் பதில் சொல்வதை மறுநாளைக்கு ஒத்திவைத்து, அன்றிரவு நமது குறிப்பேட்டை எடுத்து எண்ணிப் பார்த்தோம். அந்த இரண்டு மாதங்களில் இவருடைய வகுப்பில் ஏழு முறை அமர்ந்திருந்தோம்; மற்றவருடைய வகுப்பில் இரண்டே முறை. இவரைப் பற்றி எழுதியவை யாவும் குறைகளே. மற்றவரிடமும் குறை கண்டிருக்கிறோம்; ஆனால் அதைத் தேநீர் அருந்தும் வேளையில் தனியாகச் சொல்லியிருக்கிறோம். இவரிடமோ பிள்ளைகள் பார்க்கச் சொல்லியிருக்கிறோம்.

இன்னொன்றும் புலப்பட்டது. இவரிடம் 24 பிள்ளைகள்; மற்றவரிடம் 11 பேர். வகுப்பு 50 நிமிடங்கள். இவரால் ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடங்கள்தாம் தர முடியும். மற்றவருக்கு நான்கு நிமிடங்களுக்கு மேல் கிடைக்கிறது. இரண்டு நிமிடத்தில் பாடத்தைக் கேட்கலாம். நாவையும் தொண்டையையும் திருத்த இயலாது. இருவரையும் ஒரே அளவுகோலால் அளந்ததே நாம் செய்த அநீதி.

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தந்தை தம் மகனுக்கு ஓர் அன்பளிப்பைக் கொடுத்து, அதற்கு நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்த செய்தியை நாம் எத்தனையோ முறை பாடமாக நடத்தியிருக்கிறோம். எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படியே கொடுத்தீரா என்று நபியவர்கள் வினவினார்கள்; இல்லை என்றதும் சாட்சியாக மறுத்துவிட்டார்கள். அந்தத் தந்தையின் உள்ளத்தில் என்ன இருந்தது என்று நபியவர்கள் கேட்கவில்லை. என்ன கொடுத்தார் என்றே கேட்டார்கள். நம் உள்ளத்தில் பாரபட்சம் இல்லை என்பது அந்த இளைஞருக்குப் போதுமான பதிலாகாது என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

மறுநாள் இருவரையும் அழைத்துக் கணக்கைக் காட்டினோம். ஆறு பிள்ளைகளை மற்ற வகுப்புக்கு மாற்றினோம். 18 பேரும் 17 பேருமாக ஆயினர். இனி இரு வகுப்புகளிலும் மாதத்திற்கு இரண்டு முறை மட்டுமே அமர்வது, வகுப்பில் வாய் திறவாதிருப்பது, பிறகு தனிமையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பேசுவது என்று முடிவு செய்தோம். பிள்ளைகளின் முன்னால் திருத்தியதற்காக இவரிடம் தனியே மன்னிப்பும் கேட்டோம்.

ஆனால் ஹா விஷயத்தை விட்டுக்கொடுக்கவில்லை. மனத்தாங்கல் நியாயமானது என்பதால் பிழை சரியாகிவிடாது. அவரோ, "பிள்ளைகள் சரியாகத்தான் ஓதுகிறார்கள்" என்றார். நாம் வாதிடவில்லை. ஐந்து பிள்ளைகளைத் தனித்தனியே அழைத்து, அந்த இரண்டு சொற்களை மட்டும் ஓதச் சொல்லி, அவரையே கேட்டுக் குறிக்கச் சொன்னோம். சேர்ந்து ஓதும்போது பிழை மற்றவர் குரலில் மறைந்துவிடும். தனியே ஓதினால் வெளிப்பட்டுவிடும். மூன்று பேர் இரண்டையும் ஒன்றாகவே ஓதினர். அவர் சிறிது நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாளைக்கு இதிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஹஜ்ரத்" என்றார்.

அவருடைய சுபாவம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டோம். இன்றும் சில நாள்களில் முகம் சுருங்கும். அப்போதெல்லாம் நாம் முதலில் குறிப்பேட்டைத் திறக்கிறோம். அதில் இருவருக்கும் சமமாக நடந்திருந்தால், சொல்ல வேண்டியதைத் தயங்காமல் சொல்கிறோம். சமமாக இல்லையென்றால், முதலில் நம்மைத் திருத்திக்கொள்கிறோம்.

நம் பொறுப்பில் இருப்போரிடையே நீதியுடன் நடக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.