மூன்றாம் பக்கம் மட்டும்

அண்ணாச்சியின் பில் வாட்ஸப்பில் வரும்போது பெரும்பாலும் ராத்திரி ஒன்பதரை ஆகியிருக்கும். கடை ஷட்டரை இறக்குவதற்கு முன்னால் செய்கிற கடைசி வேலை அவருக்கு அது. கோவையில் நான் கணக்கு பார்க்கிற பெண்கள் விடுதிக்கு மாதாமாதம் மளிகை அவர் கடையிலிருந்துதான் வருகிறது.

இந்த வேலையில் சேர்ந்த இரண்டாவது மாதம் அவருக்கு ஒரு போன் போட்டேன். அதை நினைத்தால் இன்றும் காது சூடாகும். பில்லில் ஐந்து வரிகள்தான் இருந்தன. கூட்டினால் பதினைந்தாயிரம் சொச்சம். கீழே மொத்தம் ஐம்பத்தெட்டாயிரம். "அண்ணாச்சி, பில்லு தப்பா இருக்கு, நாப்பதாயிரத்துக்கு மேல கூட போட்டிருக்கீங்க"ன்னு சொன்னேன். குரலில் கொஞ்சம் அதிகாரமும் இருந்திருக்கும். அந்தப் பக்கம் சிறிது நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "முப்பது வருசமா கடை வச்சிருக்கேன், எனக்குக் கூட்டத் தெரியாதாக்கும்?" என்றார். மறுநாள் காலையில் கடைப் பையன் மூன்று தாள்களைப் பின் அடித்துக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனான். நான் பார்த்திருந்தது மூன்றாவது தாளை மட்டும்.

அவர் ஏமாற்றுவதற்காக ஒரு பக்கத்தை அனுப்பவில்லை. தொகை கடைசிப் பக்கத்தில்தானே இருக்கிறது, பணம் போட அது போதாதா என்பது அவர் கணக்கு. எத்தனை சொல்லியும் அந்தப் பழக்கம் போகவில்லை. அதனால் ஒற்றைப் பக்கத்தைப் படிக்க நான் பழகிக்கொண்டேன்.

2025 அக்டோபர் பில்லும் அப்படித்தான் வந்தது. "நாளைக்குக் காலையில பணம் போட்டுடு"ன்னு விடுதி நடத்துகிற அக்கா சொல்லியிருந்தார். இந்த முறை கூட்டலைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு இடங்களைப் பார்த்தேன். கீழ் மூலையில் Page 3 of 3. முதல் வரியின் வரிசை எண் 19. ஆக, பதினெட்டு வரிகள் என் கண்ணில் படவில்லை. இது தெரிந்துவிட்டால், கண்ணுக்குத் தெரிகிற வரிகளின் கூட்டல் மொத்தத்தோடு ஒத்துப்போகாதது பிழையே இல்லை. ஒத்துப்போனால்தான் சந்தேகப்பட வேண்டும்.

தெரிந்த வரிகள் ஐந்து. கடலெண்ணெய் நான்கு டின் 9,800. சீரகம் 1,400. மிளகாய்த் தூள் 1,800. இவை மூன்றுக்கும் வரி 5 சதவீதம், சேர்த்தால் 13,000. சோப்புத் தூள் 1,800, பினாயில் 1,500. இவை 18 சதவீதம், சேர்த்தால் 3,300. ஒவ்வொரு வரியிலும் அளவை விலையால் பெருக்கிப் பார்த்தேன், சரியாக இருந்தது.

அடுத்து கீழே இருக்கிற வரிச் சுருக்கம். கடைசிப் பக்கம் மட்டும் வந்ததில் ஒரு நல்லது உண்டென்றால் அது இந்தச் சின்னக் கட்டம்தான். முழு பில்லின் வரிக்கு முந்தைய மதிப்பையும் வரி விகிதப்படி பிரித்துக் காட்டிவிடும். 5 சதவீதத்தில் 52,000, அதற்கு சிஜிஎஸ்டி 1,300, எஸ்ஜிஎஸ்டி 1,300. 18 சதவீதத்தில் 8,300, அதற்கு 747, 747. மதிப்பு 60,300, வரி 4,094, மொத்தம் 64,394. கடையும் விடுதியும் தமிழ்நாட்டுக்குள்ளேயே இருப்பதால் வரி இரண்டு சமபாதியாகப் பிரிவது சரி. பெருக்கல் சரி. கூட்டலும் சரி. பழைய நானாக இருந்தால் இங்கேயே பணத்தைப் போட்டிருப்பேன்.

ஆனால் ஒரு சுருக்கம் தனக்குள் சரியாக இருப்பதற்கும் பில் சரியாக இருப்பதற்கும் நடுவில் பதினெட்டு வரிகள் இருக்கின்றன. பில் போடுகிற சாப்ட்வேர் கூட்டலில் தப்பு செய்வது அரிது. தப்பு நடப்பது மனிதன் எண்ணைத் தட்டுகிற இடத்தில்: அளவு, விலை, வரி விகிதம். அந்தத் தப்பையும் அது மிகச் சரியாகக் கூட்டிக் கொடுத்துவிடும்.

எனவே கழித்துப் பார்த்தேன். 52,000-இல் தெரிந்தது 13,000 போனால், மறைந்த பக்கங்களில் 5 சதவீதப் பொருட்கள் 39,000-க்கு இருக்க வேண்டும். 8,300-இல் 3,300 போனால், 18 சதவீதப் பொருட்கள் 5,000-க்கு இருக்க வேண்டும். பிறகு நாங்கள் ஆர்டர் எழுதுகிற நோட்டை எடுத்தேன். அந்த மாதம் நாங்கள் கேட்டதில் 18 சதவீதத்தில் வருவது சோப்புத் தூளும் பினாயிலும் மட்டும்தான். இரண்டும் இந்தப் பக்கத்திலேயே வந்துவிட்டன. அப்படியென்றால் அந்த 5,000 எது?

நோட்டில் ஒரு வரி உறுத்தியது. சாயங்கால டீக்கு பிஸ்கட், 10 பெட்டி. 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி வரைக்கும் பிஸ்கட்டுக்கு 18 சதவீதம். அன்றிலிருந்து 5. சாப்ட்வேரில் அந்தப் பொருளுக்குப் பழைய விகிதமே இருந்துவிட்டால் இப்படித்தான் காட்டும். ஆனால் இது ஊகம். நாங்கள் கேட்காத ஏதோ ஒரு பொருள் கூடச் சேர்ந்திருக்கலாம். ஒரு பக்கத்தை வைத்து எது என்று சொல்ல வழியில்லை.

விடுதி வாடகைக்கு ஜிஎஸ்டி விலக்கு. அதனால் மளிகைக்குக் கட்டுகிற வரியை நாங்கள் எங்கேயும் கழித்துக்கொள்ள முடியாது. மெஸ் டிவைடிங் சிஸ்டம். 5,000-க்கு 13 சதவீதம் கூடுதல் என்றால் 650 ரூபாய். அது பிள்ளைகள் தலையில்தான் விழும். பெரிய தொகை இல்லை. ஆனால் ஒவ்வொரு மாதமும் விழும்.

போன் எடுக்கவில்லை. செய்தி எழுதினேன்: "அண்ணாச்சி, மூணாம் பக்கம் பாத்தேன், கூட்டல் எல்லாம் சரியா இருக்கு. முதல் ரெண்டு பக்கத்துல 18 பெர்சென்ட்ல 5,000-க்கு ஏதோ இருக்கணும். எங்க நோட்டுல தெரியல. அந்த ரெண்டு பக்கத்தையும் அனுப்புறீங்களா?" 'தப்பு' என்ற வார்த்தையைப் போடவில்லை. பயத்தினால் இல்லை, தப்பு என்று எனக்கு இன்னும் தெரியாது என்பதால்.

காலையில் இரண்டு போட்டோ வந்தன. பதினோராவது வரி, பிஸ்கட் 10 பெட்டி, 5,000, 18 சதவீதம்.

அதோடு முடியவில்லை. ஏழாவது வரியில் துவரம் பருப்பு 50 கிலோ, கிலோ 110. சரக்கு இறங்கிய அன்று சமையல்கார அக்கா எடை பார்த்துக் கையெழுத்துப் போட்ட சீட்டில் 40 கிலோ. இதை என் கழித்தல் கண்டுபிடித்திருக்கவே முடியாது. பில்லில் பருப்பு 5 சதவீதத்தில் இருந்தது, அந்த 39,000-க்குள் சத்தமில்லாமல் அடங்கியிருந்தது. சுருக்கத்தை வைத்து எத்தனை ராத்திரி உட்கார்ந்திருந்தாலும் அந்தப் பத்து கிலோ தெரிந்திருக்காது. அதற்கு அந்தப் பக்கமும் வேண்டும், எடைச் சீட்டும் வேண்டும்.

மதியம் அண்ணாச்சியே கூப்பிட்டார். "ஏம்மா, பிஸ்கட்டுக்குப் பழைய ரேட்டே கிடந்திருக்கு. இந்த மாசம் எத்தன பேருக்கு இப்படிப் போச்சோ தெரியலையே" என்றார். பருப்பைச் சொன்னதும் பையனை ஏதோ திட்டுவது கேட்டது. வரியில் 650, பத்து கிலோ பருப்புக்கு வரியோடு 1,155, ஆக 1,805-க்கு கிரெடிட் நோட் போட்டார். 62,589 அனுப்பினேன்.

வைப்பதற்கு முன்னால், "அந்த ரெண்டு பக்கத்தையும் பாக்காமலே 5,000-ன்னு எப்படிம்மா சொன்ன?" என்று கேட்டார். கழித்துப் பார்த்ததைச் சொன்னேன். "அன்னைக்கும் இப்படிக் கழிச்சுப் பாத்துட்டுக் கூப்பிட்டிருக்கலாம்" என்றார். மறந்திருப்பார் என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் பில்லும் ஒன்பதரைக்கு வந்தது. மூன்று பக்கமும் இருந்தது.