சாவி யார் கையில்?

ஓய்வுக்குப் பிறகு, சிறு கடைகளுக்குக் கூலி வாங்கிக்கொண்டு இணையக் கடை அமைத்துத் தருகிறேன். பொடி விற்கும் ஓர் அம்மையாருக்கு முன்பே ஒருவர் கடை போட்டுக் கொடுத்திருந்தார். ஆனால் ஓடிபி எல்லாம் அவருடைய செல்பேசிக்கே போகும். அவர் போனை எடுக்காமல் போனதும், அம்மையாரால் விலையைக்கூட மாற்ற முடியவில்லை.

புதிதாகத் தொடங்கினோம். தளப் பெயரை அம்மையாரின் மின்னஞ்சல், செல்பேசி எண்ணிலும், பணம் பெறும் கணக்கை அவருடைய பான், வங்கிக் கணக்கிலும் பதிந்தோம். 24 பொடிகளின் படம், எடை, விலையை ஏற்றினோம். பிறகு நானே 100 ரூபாய்க்குப் பருப்புப் பொடி வாங்கிப் பார்த்தேன். 2 சதவீதக் கட்டணமும் அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் போக, 97 ரூபாய் 64 காசு அவர் கணக்கில் வந்து சேர்ந்தது.

கடைசியில் அவரே ஒரு விலையை மாற்றிக் காட்டினார். மீதிக் கூலியை அதன் பிறகே வாங்கினேன்.