ஆமிப் பச்சையும் வயல் பச்சையும்

காணி திரும்பக் கிடைத்து ஊருக்குப் போகிற ஒரு குடும்பத்தைப் பற்றின நாடகம் அது. பின்திரை வரையிற வேலை எங்கள் நாலு பேரின் தலையில் விழுந்தது. மார்கழி மாத நெல் வயல் வேணும், அவ்வளவுதான். பன்னிரண்டு அடித் துணிக்கு வெள்ளை எமல்சன் அடித்துக் காயவிட்டு, அக்ரிலிக் பெயின்ற்றில் நீலத்தையும் மஞ்சளையும் குழைத்தோம். நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை என்று சின்ன வகுப்பிலேயே படித்ததுதானே.

பச்சை வந்தது. ஆனால் எங்களில் ஒருத்தி கிளிநொச்சிப் பக்கம், வயற்காரர் வீட்டுப் பிள்ளை. அவள் பார்த்துப்போட்டுச் சொன்னாள்: "இது வயலில்லையடா, ஆமிக்காரன்ர உடுப்பு."

ஒருத்தருக்கும் சிரிப்பு வரேல்லை. ஊருக்குத் திரும்பி வாற குடும்பத்துக்குப் பின்னால ஒரு மணித்தியாலம் அந்த நிறம் நிற்கப்போகுது என்றால், நாடகமே வேறயாப் போயிடும்.

திருத்தப் போய் இன்னும் கெடுத்தோம். வெள்ளை சேர்த்தால் வெளிச்சமாகும் என்று நினைத்தோம். சோக்குத்தூள் பூசின மாதிரி வெளிறிப்போச்சு. மஞ்சளைக் கூட்டினால் காக்கி. நீலத்தைக் கூட்டினால் இன்னும் இருட்டு. ஒரு யோகட் கப் நிறையச் சேற்று நிறம்தான் மிச்சம்.

பிழை அளவில் இல்லை, ரியூப்பில் இருந்தது. நாங்கள் எடுத்த நீலம் அல்ட்ராமரின். அது ஊதாப் பக்கம் சாய்ந்த நீலம். அதாவது அதுக்குள் கொஞ்சம் சிவப்பு ஒளிந்திருக்கு. மஞ்சளும் முட்டைக்கரு மாதிரி, செம்மஞ்சள் பக்கம் சாய்ந்தது, அதுக்குள்ளயும் சிவப்பு. பச்சைக்கு நேர் எதிர் நிறம் சிவப்பு. இரண்டு பக்கத்தாலும் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே வந்த சிவப்பு, பச்சையை அடித்துக் கபிலமும் சாம்பலுமாக்கிப்போட்டுது. வெளியிலிருந்து வேறு எதை ஊற்றினாலும் அந்தச் சிவப்பு வெளியில போகாது. அதனால் கலங்கின பச்சையைத் திருத்த மினக்கெடாமல் புதுசாய்த் தொடங்குவதுதான் இலாபம்.

ரியூப்பின் பின்பக்கம் சின்ன எழுத்தில் நிறமிக் குறியீடு இருக்கும், அதைத்தான் பார்க்கவேணும். அல்ட்ராமரின் என்றால் பி.பி. 29. எங்களுக்குத் தேவைப்பட்டது பி.பி. 15 என்று தொடங்கும் தாலோ நீலம், அதிலயும் பச்சைப் பக்கம் சாய்ந்தது. மஞ்சளுக்கு லெமன் மஞ்சள். அது தேசிக்காய்த் தோல் மாதிரி, தானே கொஞ்சம் பச்சைப் பக்கம் நிற்கிற நிறம். இரண்டிலும் ஒளிஞ்சிருக்கிற சிவப்பு இல்லையென்றே சொல்லலாம்.

இந்த முறை மஞ்சளை முதலில் கப்புக்குள் போட்டோம், ஐந்து மேசைக்கரண்டி. தாலோ பொல்லாத நிறம், கொஞ்சம் கூடினாலும் எல்லாத்தையும் விழுங்கிப்போடும். அதால ஐஸ்கிரீம் குச்சியின் நுனியில் தொட்டுத் தொட்டுச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் முழுக்கக் கலக்கிப் பார்த்தோம். எல்லாமாக ஒரு தேக்கரண்டிகூடப் போகேல்லை. நீலத்துக்குள் மஞ்சளை ஊற்றத் தொடங்கியிருந்தால் முழு ரியூப்பும் முடிந்திருக்கும்.

வந்த பச்சை சுத்தமாக இருந்தது, ஆனால் பிளாஸ்ரிக் வாளி மாதிரி. உண்மையான நாற்றில் கொஞ்சம் மண் இருக்கு. அதுக்கு மஞ்சள் ஓக்கர் அரைத் தேக்கரண்டி, அது மட்டும்தான். இன்னொன்று, பிறகு இன்னொன்று என்று சேர்க்கத் தொடங்கினால் திரும்பவும் சேறுதான். பிரஷ் கழுவுற தண்ணியையும் மாற்றவேணும். அல்ட்ராமரின் கழுவின அதே தண்ணியைத்தான் எங்களில் ஒருத்தன் விடப்பார்த்தான்.

அக்ரிலிக் காய்ந்தால் இருளும். ஈரமாக இருக்கும்போது அதின்ர பசை பால் மாதிரி வெள்ளையாக நின்று நிறத்தை வெளிறக் காட்டும். காய்ந்ததும் பசை கண்ணாடி மாதிரித் தெளிய, நிறம் இறங்கிவிடும். கப்பைப் பார்த்து "சரி" சொல்லக்கூடாது. அதே எமல்சன் அடித்த துண்டுத் துணியில் பூசி, ஹெயார் ட்ரையர் பிடித்துக் காயவைத்து, தோழியின் ஃபோனில் இருந்த வயல் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இரண்டு முறை மஞ்சள் கூட்டவேண்டி வந்தது. மூன்றாவது துண்டைப் பார்த்துத்தான் அவள் தலையாட்டினாள்.

பிறகு அதே அளவுக் கணக்கில் முழுத் துணிக்கும் ஒரேயடியாகக் கலந்து, மூடியுள்ள ஐஸ்கிரீம் பெட்டியில் வைத்தோம். இரண்டாம் நாள் திரும்பக் கலந்தால் அதே பச்சை வராது. லெமன் மஞ்சள் மெல்லிய நிறம், கீழே இருக்கிறது தெரியும். அதனால் இரண்டு பூச்சுத் தேவைப்பட்டது.

பழைய கப்பை எறியேல்லை. வயலின் கடைசி ஓரத்தில், மரங்களின் நிழலுக்கு மெல்லிய கோடாகப் பூசினோம். அதுக்குப் பக்கத்தில் வயல் இன்னும் வெளிச்சமாகத் தெரிந்தது. "அதை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கோ" என்றாள் அவள்.